மணலா, மரச்சில்லா, ரப்பரா: கோத்தகிரிச் சரிவில் ஒரு விளையாட்டுத் திடலின் தரை

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஊரில், சாலையை ஒட்டி 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள புறம்போக்குத் துண்டு ஒன்று கிடைத்தது. சாலையோரம் சமமாக இருக்கும். பாதி தாண்டியதும் மண் இறங்கி, அடுத்த பக்கம் ஒன்றரை மீட்டர் பள்ளத்தில் முடியும். ஊர்ப் பெற்றோர் சிலர் சேர்ந்து அங்கே குழந்தைகளுக்குத் திடல் அமைக்க முடிவெடுத்தார்கள். அவர்களில் இரண்டு பேருடைய பிள்ளைகள் சக்கர நாற்காலியிலும் வாக்கரிலும் நடமாடுகிறவர்கள். ஒரு பையனுக்குக் கண் தெரியாது. "எல்லாப் பிள்ளைகளும் ஒண்ணா விளையாடணும் சார், நம்ம பிள்ளைக்குன்னு தனியா ஒரு மூலை வேண்டாம்" என்பதுதான் நாற்காலியில் வரும் சிறுமியின் அம்மா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. நான் கட்டடப் பொறியாளன். குழு வாங்கி வைத்திருந்த மூன்று விலைப்பட்டியல்களைப் பார்த்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மூன்றிலுமே ஊஞ்சல், சறுக்கு, ராட்டினம் எல்லாம் படத்தோடு பளிச்சென்று இருந்தன. தரைக்கு மட்டும் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி: முதலாவதில் மணல், இரண்டாவதில் மரச்சில்லு, மூன்றாவதில் முழுவதும் ரப்பர். அந்த ஒரு வரிதான் திடலின் தலையெழுத்து. தரையிடம் இரண்டு வேலைகளைக் கேட்கிறோம், அவை ஒன்றையொன்று இழுக்கும். விழுகிற பிள்ளையின் தலைக்கு அது மெத்தையாக அமுங்க வேண்டும். சக்கரத்துக்கும் ஊன்றுகோலுக்கும் அமுங்காமல் கெட்டியாக நிற்க வேண்டும்.

இரண்டுக்கும் அளவுகோல் உண்டு. விழுவதற்கான சோதனையில், உள்ளே அதிர்வுமானி வைத்த அரைக்கோள உலோகத் தலையை உயரத்திலிருந்து தரையில் போடுகிறார்கள். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப் 1292 தரத்தின்படி அதிர்ச்சி புவியீர்ப்பின் 200 மடங்கைத் தாண்டக் கூடாது, தலைக்காயக் குறியீடு 1000-ஐத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு எல்லைக்குள்ளும் அடங்கும் அதிகபட்ச உயரமே அந்தத் தரையின் விழும் உயர வரம்பு. சக்கரத்துக்கான சோதனை எஃப் 1951. அந்தத் தரையில் நாற்காலியைத் தள்ள ஆகும் உழைப்பு, 14 அடிக்கு ஒரு அடி உயரும் கெட்டியான 1:14 சரிவில் ஏற ஆகும் உழைப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். விலைப்பட்டியல் தருகிறவரிடம் "நல்ல தரமா?" என்று கேட்பதில் பயனில்லை. "எத்தனை கனத்தில், எத்தனை அடி உயரத்துக்குச் சோதித்தீர்கள், சான்றைக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். மூவரில் ஒருவரிடம்தான் காகிதம் இருந்தது.

மணல்

மணலை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். ஒன்பது அங்குல மணல் நான்கு அடி உயரத்திலிருந்து விழுவதற்குத்தான் காப்பு என்கிறது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு. நம் ஊரில் அதுகூடக் கிடைக்காது. மழையும் பனியும் மாறி மாறி நனைத்தால் மணல் இறுகிவிடும். ஆற்று மணலுக்குப் பதிலாக ஒப்பந்தக்காரர் எம்-சாண்ட் கொட்டிவிடும் ஆபத்து வேறு. அதன் துகள்கள் கூர்முனை கொண்டவை, நடுவில் கல்தூளும் கலந்திருக்கும். நனைந்து மிதிபட்டால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஐந்து வருஷத்துக்கு முன் நான் மேற்பார்வை பார்த்த ஒரு திடலில் அதைத்தான் கொட்டினார்கள், நானும் தடுக்கவில்லை. இரண்டாவது வருஷம் ஊஞ்சலடியில் கடப்பாரையால் குத்தினால் 'டங்' என்றது. இன்றைக்கும் அந்தச் சத்தம் எனக்கு மறக்கவில்லை.

சக்கரத்துக்கோ மணல் எப்போதுமே ஆகாது. ஆனால் மணல் விளையாட்டை எந்தப் பிள்ளையிடமிருந்தும் பிடுங்கக் கூடாது. அதனால் மணலைத் தரையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தோம். மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய 61 சென்டிமீட்டர் உயரம் விட வேண்டும், விளிம்பு 79 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நாற்காலியில் இருக்கும் பிள்ளை நேராக உள்ளே வந்து கை வைக்கலாம். மற்றவர்கள் சுற்றி நிற்கலாம். ராத்திரி மூடி போட்டுவிட்டால் பூனைத் தொல்லையும் இல்லை.

மரச்சில்லு

இதில்தான் குழுவுக்கு ஆசை. காரணம் நியாயமானது. நீலகிரியில் வாட்டில் எனப்படும் அந்நிய மரமான சீகையை வெட்டி அகற்றும் வேலை நடக்கிறது, சில்லு பக்கத்திலேயே கிடைக்கும். ஒன்பது அங்குலச் சில்லு பத்து அடி உயரம் வரை காக்கும் என்று அதே கையேடு சொல்கிறது. மலிவு, உள்ளூர்ப் பொருள், மண்ணோடு மண்ணாகப் போவது. மூன்றுமே எனக்கும் பிடித்தவை.

ஆனால் "மரச்சில்லு" என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் உலவுகின்றன. விளையாட்டுத் திடலுக்கென்றே பட்டையும் இலையும் நீக்கி, நீள நாராக வெட்டித் தயாரிப்பது ஒன்று. அந்த நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நனைத்து அடுக்கடுக்காக இறுக்கினால் சக்கரம் ஓரளவு ஓடும். எஃப் 1951 சோதனையில் தேறுவது அதுதான். நம் ஊரில் மரம் அரைக்கும் இயந்திரத்தின் வாயிலிருந்து கொட்டுவது மற்றொன்று. கட்டைவிரல் அளவுத் துண்டுகள், பட்டை, சுள்ளி, சில சமயம் சீகை விதையும் சேர்ந்து வரும். விதை பல வருஷம் மண்ணில் உறங்கிப் பிறகு முளைக்கக் கூடியது. விழுகிற பிள்ளைக்கு அந்தச் சில்லு மெத்தைதான், சக்கரத்துக்கோ சேறு.

இதை வாயால் சொல்வதைவிடச் செய்து பார்ப்பது மேல் என்று, ஒரு டிராக்டர் டிரெய்லர் சில்லைக் கொட்டி, பத்தடிக்குப் பத்தடி பரப்பினோம். ஒன்பது வயதுச் சிறுமி தன் நாற்காலியிலேயே வந்தாள். முதல் இரண்டடி போனாள். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் இரண்டும் பக்கவாட்டில் திரும்பிச் சில்லுக்குள் புதைந்தன. கைகளால் பெரிய சக்கரத்தை இன்னும் வேகமாகத் தள்ளினாள். அது ஒரே இடத்தில் சுழன்று பள்ளம் பறித்தது. அவளுடைய பெரியப்பா மகன் ஓடி வந்து நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனான். பெரிய சக்கரம் முன்னால் வந்தால் சில்லில் ஏறும் என்பது அவனுக்குப் பழக்கத்தில் தெரிந்திருந்தது. அவள் போய்ச் சேர்ந்தாள், ஆனால் முதுகைக் காட்டியபடி, இன்னொருவர் இழுத்து. "அண்ணா இல்லாதப்ப?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

இன்னொரு கணக்கும் உண்டு. உதிரிப் பொருள் நாளடைவில் குறைந்தது கால் பங்கு அமுங்கும். ஒன்பது அங்குலம் நிற்க வேண்டுமானால் முதலில் பன்னிரண்டு அங்குலம் கொட்ட வேண்டும். 300 சதுர மீட்டருக்கும் அப்படிக் கொட்டினால் 90 கன மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 32 யூனிட். நீலகிரியின் ஈரத்தில் அது கீழே மக்கும், மேலே காளான் பூக்கும். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கின் வாயிலும் கால்கள் ஓயாமல் சில்லை உதைத்துத் தள்ளும். எங்கே பிள்ளைகள் அதிகம் விழுகிறார்களோ அங்கேதான் மெத்தை முதலில் காணாமல் போகும். அமெரிக்காவில் பல திடல்களின் தரையை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்றும், தயாரிப்பு மரநாரில்தான் குறைகள் அதிகம், அவை முதல் வருஷத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டன என்றே சொல்கிறது.

அங்கே யாரும் எழுதாத ஒரு குறையைத் திடலுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். "தம்பி, மக்குன மரத்துல புழு வரும். புழு வந்தா காட்டுப்பன்றி வரும். ஒரே ராத்திரியில உழுதுட்டுப் போயிரும்." மூன்றாம் நாள் காலை, நாங்கள் கொட்டி வைத்த பத்தடிச் சதுரத்தின் ஒரு ஓரம் கிளறிக் கிடந்தது. பாட்டி கண்டுதான் சொல்லியிருக்கிறார்.

ரப்பர்

கலந்து ஊற்றும் ரப்பர் தரைக்கு இரண்டு அடுக்கு. கீழே பழைய டயரை அரைத்த துகளைப் பாலியூரித்தேன் பசையில் கலந்து பரப்புவார்கள். இதுதான் மெத்தை. மேலே ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் ஈபிடிஎம் என்ற வண்ண ரப்பர். இது தேய்மானத்தைத் தாங்கும் தோல். கீழ் அடுக்கின் கனம்தான் விழும் உயர வரம்பைத் தீர்மானிக்கிறது. உயரம் கூடக் கூடக் கனம் கூடும், விலையும் கூடும். மேலிருந்து பார்த்தால் இரண்டு அங்குலமும் நான்கு அங்குலமும் ஒன்றுபோல் தெரியும். ஆகவே கனத்தை ஊற்றும் அன்றே நின்று அளக்க வேண்டும்.

நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல் மூன்றுக்கும் இதைப்போல வேறு தரை இல்லை. கண் தெரியாத பையனுக்கும் இதில் ஒரு நன்மை இருக்கிறது. சொரசொரப்பான சிமெண்ட் பாதையிலிருந்து மெத்தென்ற ரப்பருக்குக் கால் மாறும்போது, ஊஞ்சல் வீச்சுக்குள் நுழைகிறோம் என்று பாதமே சொல்லிவிடும். அந்த எல்லையில் அடர் நிறத்துக்கு அருகே வெளிர் நிறம் வைத்தால், பார்வை மங்கலான பிள்ளைகளுக்கும் உதவும்.

குறைகளும் எளிதானவை அல்ல. அந்தப் பசை காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும். குளிர் கூடினால் இறுகுவது தாமதமாகும். இறுகும் முன் மழை விழுந்தால் குமிழியிட்டுக் கெட்டுப்போகும். பின்னால் விரலால் தேய்த்தால் துகள் துகளாக உதிர்ந்து வரும். வடகிழக்குப் பருவமழை முடிந்து, உறைபனியும் விலகி, பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரைதான் எங்கள் பக்கம் ஊற்ற உகந்த காலம். மூன்றாவது விலைப்பட்டியலில் "நவம்பரில் முடித்துத் தருகிறோம்" என்று இருந்தது. அந்த ஒரு வரியே அவர்களுக்கு மலையில் வேலை பார்த்த பழக்கம் இல்லை என்று காட்டிவிட்டது.

அடுத்தது தண்ணீர். மேல் சரிவிலிருந்து மண்ணுக்குள் ஊறி வரும் நீர், ரப்பருக்கு அடியில் தேங்கினால் தரை உப்பிப் பிளக்கும். ஜல்லிப் படுகையும் ஓட்டைக் குழாயும் அடியில் போட்டு வெளியே வடிகால் விடாமல் ரப்பரைத் தொடவே கூடாது. மரநிழலில் இருந்தால் பாசி பிடிக்கும். ரப்பரில் நீர் இறங்கும் துளைகள் அடைபட்டதை அறிய ஒரு வாளித் தண்ணீர் போதும்: ஊற்றினால் இறங்க வேண்டும், நின்றால் கழுவ வேண்டிய காலம் வந்துவிட்டது. மலை குளிர்தானே என்று கருநிறம் போடவும் கூடாது. உச்சி வெயிலில் அது சுடும், முதுகுத்தண்டுக் குறைபாட்டால் காலில் உணர்ச்சி இல்லாத பிள்ளைக்குச் சுட்டதே தெரியாது.

எனக்கு மனசு உறுத்தியது இன்னொன்று. டயர்த் துகள் தேய்ந்து உதிரும். கோத்தகிரியில் பெய்கிற மழை எந்தப் பக்கம் ஓடினாலும் கடைசியில் பவானியில்தான் சேரும். பிளாஸ்டிக்குக்குத் தடை வைத்திருக்கும் மாவட்டத்தில், 300 சதுர மீட்டர் ரப்பரை ஓடைக்கு மேலே ஊற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதைத் தவிர்க்கவும் முடியாது என்றால், எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் கேள்வி.

ரப்பர் ஓடுகளைப் பற்றியும் கேட்டார்கள். குளிரிலும் வெயிலிலும் அவை சுருங்கி விரியும், ஓரம் தூக்கும். ஆறு மில்லிமீட்டர் தூக்கினாலே சின்னச் சக்கரம் இடறும். செயற்கைப் புல் அடியில் தனி மெத்தை போட்டால்தான் காப்பு, அதுவும் இழை உதிர்க்கும். இரண்டையும் விட்டுவிட்டோம்.

சரிவே கைகொடுத்தது

தரையின் கனமும் பரப்பும் ஒரே ஒன்றைப் பொறுத்தவை: பிள்ளை எவ்வளவு உயரத்திலிருந்து விழ முடியும்? அந்த உயரத்தைக் குறைத்தால் ரப்பரும் குறையும், சில்லும் குறையும். சமவெளியில் இது கஷ்டம். ஒன்றரை மீட்டர் உயரச் சறுக்கு மேடைக்கு நாற்காலி ஏற வேண்டுமானால் 1:12 சரிவில் 18 மீட்டர் சாய்தளம் வேண்டும். அமெரிக்க விதிப்படி மேடைச் சாய்தளத்தின் ஒரு ஓட்டம் 30 சென்டிமீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. ஆக ஐந்து ஓட்டம், நடுவே நடுவே திரும்பச் சமமான தட்டு. அவ்வளவு பெரிய இரும்புக் கூட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் மெத்தையும் வேண்டும்.

நம் இடத்திலோ ஒன்றரை மீட்டர் உயரம் சும்மா கிடக்கிறது. சறுக்கை மண் சரிவின்மேலேயே படுக்க வைத்துவிட்டால், மேல் மட்டத்திலிருந்து நாற்காலி சமதரையிலேயே சறுக்கின் தலைக்கு வந்துவிடும். பக்கத்தில் விழவும் உயரம் இல்லை, இரண்டு பக்கமும் புல்மண்தான். சறுக்கின் சராசரிச் சாய்வு 30 பாகைக்கு மிகாமல் இருக்க, ஒன்றரை மீட்டர் இறக்கத்துக்கு 2.6 மீட்டர் கிடைநீளம் போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பிள்ளை கீழே, நாற்காலி மேலே! தூக்கி இறக்குவது தீர்வல்ல. மேல் தளத்துக்கு 7 மீட்டர் அகலம், கீழ்த் தளத்துக்கு 5, நடுவில் சரிவுக்கு 3 மீட்டர் என்று பிரித்தோம். அந்த 3 மீட்டர் பட்டையில் 1:16 சாய்வுப் பாதை. ஒன்றரை மீட்டர் இறங்க 24 மீட்டர் நீளம் வேண்டும். 12 மீட்டர் போய், திரும்பி, 12 மீட்டர் வர வேண்டும், ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் அகலம். இரண்டு முனையிலும் ஒன்றரை மீட்டர் தட்டு சேர்த்தால் 15 மீட்டர் ஆயிற்று. மீதி 5 மீட்டரில் சறுக்கு. போய்த் திரும்பும் பாதை என்பதால், எந்த முனையில் கிளம்பினதோ அதற்கு நேர் கீழேயே, சறுக்கின் வாய்க்குப் பக்கத்திலேயே முடிகிறது. தோழி நாற்காலியை உருட்டிக்கொண்டு இறங்கி வரும்வரை இவள் சறுக்கின் முடிவில் ஒரு தாழ்ந்த திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். நாற்காலியிலிருந்து மாறி உட்காரும் திண்ணைக்கு 28 முதல் 46 சென்டிமீட்டர் உயரம் விதி. நாங்கள் 40 வைத்தோம். அது அவளுடைய நாற்காலி இருக்கையைவிடச் சற்றே தாழ்வு. பாதை வெறும் சொரசொரப்பான சிமெண்ட்தான், அங்கே விழும் உயரம் இல்லை.

குழு எடுத்த முடிவு

ரப்பர் மூன்று இடங்களில் மட்டும். ஊஞ்சலுக்கு விழும் உயரம் என்பது இருக்கையின் உயரம் அல்ல, சங்கிலி தொங்கும் அச்சின் உயரம். இதை அனேகமாக எல்லோரும் தப்பாகக் கணக்கிடுகிறார்கள். அச்சை 2.1 மீட்டரில் நிறுத்தினோம். முன்னும் பின்னும் அதன் இரு மடங்கு விட வேண்டும், ஆக 8.4 மீட்டர். பக்கவாட்டில் சட்டத்தோடு சேர்த்து 6 மீட்டர். மொத்தம் 50 சதுர மீட்டர், அதில் கனமான ரப்பர். தரையோடு தரையாகப் பதித்து நாற்காலியோடு ஏறும் ராட்டினத்தைச் சுற்றி 25 சதுர மீட்டர், அங்கே மெல்லியது போதும். சறுக்கின் வாயில் 6. எல்லாம் சேர்ந்து 81 சதுர மீட்டர். முழுத் திடலுக்கும் ஊற்றுவதில் கால் பங்கைச் சற்றே தாண்டுகிறது.

மரச்சில்லு கீழ்த் தளத்தில் கயிறு வலை ஏறும் இடத்தில் மட்டும், 30 சதுர மீட்டர், மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அந்தச் சிறுமி அதற்குள் போக முடியாதே என்று அவள் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. வலையின் ஒரு பக்கத்தைச் சிமெண்ட் பாதை முடியும் தட்டின் ஓரத்திலேயே கட்டினோம். நாற்காலியிலிருந்து கை நீட்டிக் கயிற்றைப் பிடித்து மாறலாம். அவளால் மேலே எவ்வளவு போக முடியும் என்பது அவள் கைப்பலத்தைப் பொறுத்தது. சில்லைச் சுற்றிக் கல் விளிம்பும் வேலியும் உண்டு. இருந்தாலும் பன்றி வராது என்று நான் உறுதி சொல்லவில்லை.

கதவருகே ஒரு கம்பி தொங்குகிறது, முனையிலிருந்து ஒன்பது அங்குலத்தில் சிவப்புக் கோடு. வாரம் ஒருமுறை சில்லில் ஐந்து இடங்களில் குத்திப் பார்க்கும் வேலையைப் பத்தாம் வகுப்புப் பையன்கள் இருவர் ஏற்றிருக்கிறார்கள். கோடு வெளியே தெரிந்தால் அன்றே வாரிக் கூட்ட வேண்டும், வாரியும் மறையாவிட்டால் புதுச் சில்லு. ரப்பருக்கு ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை எழுதினோம். ஊற்றியதும் ஒருமுறை, ஒரு மழைக்காலம் கழித்து மறுமுறை, அதே இடத்தில் தலை போடும் சோதனை நடக்க வேண்டும், இரண்டாவதும் தேறினால்தான் கடைசித் தவணை. ரப்பர் வயதாக வயதாகக் கடினப்படும், வெளியே பார்த்தால் தெரியாது. முதலில் மறுத்த ஒப்பந்தக்காரர், தவணையைப் பத்து சதவீதத்துக்குக் குறைத்ததும் கையெழுத்துப் போட்டார்.

வடிகால் குழாய் பதிக்கும் வேலை இப்போது நடக்கிறது. பிப்ரவரி இருபதுக்கு மேல் வானம் பார்த்து ஊற்றுகிறோம்.